கிழமைக்கு நூற்றிருபது

சிவசக்தி டீச்சர் வாழ்நாளில் ஒரு பந்துகூட வீசியதில்லை. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்த அம்மாவின் உழைப்பில் படித்து, பசறைக்கு அருகே ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஒன்பது வருடமாகக் கணிதம் கற்பிப்பவர். பெண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் அணி தொடங்கியபோது பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. கூட்டத்தில் அதிபரின் பார்வை ஒவ்வொருவராகக் கடந்து இவரில் வந்து நின்றது. மறுப்பதற்கு வார்த்தை தேடி முடிப்பதற்குள் பெயர் எழுதப்பட்டுவிட்டது.

எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவரிடம் இல்லை. பதுளையில் நடந்த இரண்டு நாள் பயிலரங்குக்குப் போனார். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. வளரும் வயதில் வேகப்பந்து வீசுகிறவர்களின் முதுகெலும்பு இன்னும் முற்றியிருக்காது, ஒவ்வொரு பந்துக்கும் இடுப்பு வளைந்து முறுகுவதால் ஓய்வில்லாமல் வீசினால் எலும்பில் மெல்லிய வெடிப்பு விழலாம் என்று அங்கே சொன்னார்கள். ஆகவே பந்துகளை எண்ண வேண்டும். பயிற்சியில் வீசியது, போட்டியில் வீசியது, வைட், நோபோல் எல்லாம் சேர வேண்டும். பதினாறு வயதுக்குக் கிழமைக்கு, ஏழு நாளும் சேர்த்து, நூற்றிருபதுக்கு மேல் போகாமல் பார்ப்பது நல்லது. ஒரு கிழமையிலிருந்து அடுத்த கிழமைக்குத் திடீரென்று ஏறவும் கூடாது. ஏறினால் வலி அன்றைக்கே வராது, மூன்று நான்கு கிழமை கழித்தும் வரும்.

எண்ணுவது என்றால் அவருக்குப் பிடித்த வேலை. ஒரு கொப்பி போட்டார். வேகப்பந்து வீசும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு அட்டை எழுதி, வீட்டில் காட்டச் சொல்லிக் கொடுத்தார். பெயர், வகுப்பு, கீழே பெரிதாக: கிழமைக்கு 120.

மூவரில் தர்ஷிகா வீசுவதைப் பார்க்கப் பையன்களும் வேலியோரம் வந்து நிற்பார்கள். வலக்கை வேகம், நீண்ட ஓட்டம். ஊவா மாகாணப் பெண்கள் அணிக்கான தெரிவு நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பதுளையில் என்று கடிதம் வந்தபோது, அதிபர் அவள் பெயரைக் காலைக்கூட்டத்தில் வாசித்தார். கடிதத்தோடு ஒரு படிவமும் வந்தது. கடைசி நான்கு கிழமையும் எத்தனை பந்து வீசினார், வலி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். கீழே பொறுப்பாசிரியரின் கையொப்பம்.

சிவசக்தி கொப்பியைப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு, நாற்பத்தெட்டு, முப்பத்தாறு, நூற்று நான்கு. நடு இரண்டு கிழமையும் மழை. மைதானம் சேறாகிக் கிடந்தது. அழகான கணக்கு என்றுதான் நினைத்தார்.

தெரிவுக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை பயிற்சியில் தர்ஷிகா தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனியாமல் முழங்காலை மடித்து உட்கார்ந்து எடுத்தாள். ஒருமுறை என்றால் கவனித்திருக்க மாட்டார். மூன்று முறையும் அப்படியே. கூப்பிட்டு, பயிலரங்கில் காட்டிய மாதிரி இடக்காலில் மட்டும் நின்று பின்னால் வளையச் சொன்னார். பாதி வளைவதற்குள் அவள் உதட்டைக் கடித்தாள். எங்கே என்று கேட்டதற்கு இடுப்பின் இடப்பக்கத்தைத் தொட்டாள். வலக்கையால் வீசுகிறவளுக்கு வலி இடப்பக்கம் வந்தால் அப்படியே விடக்கூடாது என்று அங்கே இரண்டு தரம் சொல்லியிருந்தார்கள்.

நான்கு கிழமையில் முந்நூறு பந்து வீசிய பிள்ளைக்கு இது வரக்கூடாது. கணக்கு எங்கேயோ பிழை.

அன்று பின்னேரம் தர்ஷிகாவோடு பஸ் ஏறி அவள் தோட்டத்துக்கே போனார். அவள் அம்மா நல்லம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்து, கொழுந்துக் கூடையின் தலைக்கயிற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் பதறி, கதிரையைத் துடைத்துப் போட்டார். தர்ஷிகாவின் மாமன் ஜெயகுமாரும் எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடும் சொப்ட்போல் அணியை நடத்துகிறவர் அவர். மழையில் பயிற்சி நின்றதைப் பற்றிச் சிவசக்தி பேச்செடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அதெல்லாம் நாங்க வுடலீங்க டீச்சர். பழைய தேயில ஸ்டோரு சும்மாதானே கெடக்கு, உள்ள சீமெந்துத் தரை. மழைன்னா என்ன, அங்க போட வச்சிட்டோம்."

அவள் எத்தனை பந்து போட்டாள் என்று சிவசக்தி கேட்டார். ஜெயகுமார் உள்ளே போய், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை எடுத்துவந்தார். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு, அடித்து, தப்பில்லாமல் எழுதியிருந்தார். முதல் மழைக் கிழமையில் நூற்று நாற்பத்திரண்டு. அடுத்ததில் நூற்று எழுபத்தெட்டு. போன கிழமை, மைதானம் காய்ந்த பிறகும், எழுபத்தாறு.

சிவசக்தி மனதுக்குள் கூட்டினார். நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பதினான்கு, நூற்றெண்பது.

"ஏன் இவ்வளவு?"

நல்லம்மா மகளைப் பார்த்தார், பிறகு டீச்சரைப் பார்த்தார். "நீங்கதானே அட்டையில எழுதி அனுப்புனீங்க, கெழமைக்கு நூத்தி இருவதுன்னு. ஸ்கூல்ல நாப்பத்தெட்டுத்தான் போட்டேன்னு வந்து நின்னா. பேரு வுழாம போயிருமேன்னுதான் மிச்சத்த இங்க போட வச்சோம். மேல போட்டா நல்லதுதானேங்க."

சிவசக்திக்கு விளங்கியது. மலையில் அட்டையில் எழுதிய கிலோ வந்தால் முழுப்பேர் விழும், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மேலே பறித்தால் மேல்காசு. லயத்தில் ஒரு எண்ணைக் கண்டால் அதை எட்ட வேண்டும், முடிந்தால் தாண்ட வேண்டும். தாண்டக்கூடாத எண் என்று ஒன்றை இவர்களுக்கு யாரும் கொடுத்ததில்லை. அம்மாவின் நிறுவை அட்டையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும், அட்டையில் "மேல் போகக்கூடாது" என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

அதைச் சொன்னார். சுருக்கமாக, தன் பிழை என்றே சொன்னார். சொப்ட்போல் என்றாலும் இடுப்பு அதே மாதிரித்தான் முறுகும், சீமெந்துத் தரை காலுக்கு இன்னும் கெடுதல் என்றும் சொன்னார். பையிலிருந்த தெரிவுப் படிவத்தையும் எடுத்துக் காட்டினார். ஜெயகுமார் தாளை மடித்தார். மறுபடி விரித்தார்.

"அப்ப அந்தப் பாரத்துல என்ன எழுதப் போறீங்க?" என்றார். "ஒங்க கொப்பியில உள்ளத எழுதுங்களேன். அதுவும் நெசந்தானே. சனிக்கெழம ஒரு நாளு. போட்டுட்டு வந்து ரெஸ்ட் எடுக்கட்டும்."

தர்ஷிகா கதவோரம் நின்றாள். "எனக்கு வலிக்கல டீச்சர்."

"வலிக்குதுன்னு இப்பதான் காட்டின."

"கொஞ்சந்தான்."

நல்லம்மா தன் இடுப்பில் கைவைத்தபடி நின்றார். இந்தப் பிள்ளை வலியைச் சொல்லாமலிருக்க எங்கே கற்றாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

சிவசக்தி படிவத்தை வெள்ளிக்கிழமை காலை நிரப்பினார். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பதினான்கு, நூற்றெண்பது. வலி உண்டு, கீழ்முதுகு, இடப்பக்கம். அதிபர் வாசித்துவிட்டு, இந்தப் பாடசாலையிலிருந்து முதல் தடவையாக நம் பிள்ளை ஒன்று போகிறது, இதைத் தவிர்க்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்றார் சிவசக்தி. கையொப்பமிட்டார்.

சனிக்கிழமை பதுளையில் தர்ஷிகாவை வீச விடவில்லை. படிவத்தை வாங்கிய அலுவலர் வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனுக்கு மூன்று கிழமை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் எலும்பு வெடிக்கத் தொடங்குகிற அடையாளம் இருந்தது, வெடிப்பு இன்னும் விழவில்லை. இன்னும் சில கிழமை இப்படியே போயிருந்தால் விழுந்திருக்கும் என்றார் வைத்தியர். மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது. மாகாண அணியில் வேறு பிள்ளைகள் போனார்கள்.

அந்த மூன்று மாதமும் தர்ஷிகா டீச்சரோடு பேசவில்லை. மரியாதைக்குக் குறைவில்லை, வகுப்பில் எழுந்து நிற்பாள், கேட்ட கணக்குக்கு விடை சொல்வாள், அவ்வளவுதான். சிவசக்தியும் வலியப் போய்ச் சமாதானம் பேசவில்லை. அப்படிப் பேசத் தெரிந்தவரும் அல்ல.

மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அரை வேகத்தில் இருபத்து நான்கு பந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். முதல் கிழமை ஒழுங்காகப் போனது. இரண்டாவது கிழமை புதன்கிழமை, மற்றப் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சப்பாத்தைக் கட்டாமல் கையில் பிடித்தபடி டீச்சரிடம் வந்தாள்.

"நேத்திலேருந்து லேசா இழுக்குது டீச்சர். இன்னைக்கு வேணாம்."

"சரி," என்றார் சிவசக்தி. "இப்படி உட்காரு."

தர்ஷிகா பக்கத்தில் உட்கார்ந்தாள்.