தெருப்பக்கச் சரிவில் நின்றவர்

இசக்கிதுரை நாற்பது லட்ச ரூபாய் வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று மட்டாஞ்சேரி பஜாரில் பேச்சு. அரிசிக் கடையில் அது நாற்பது லட்சமாகத்தான் இருந்தது. இஞ்சி மண்டியைத் தாண்டும்போது அறுபதாகி, படகுத்துறை போய்ச் சேர்வதற்குள் கூடவே ஒரு காரும் முளைத்திருந்தது. காரணம் கடைக்கு ஒன்று: திமிர், கட்சிக்காரர்களின் தூண்டுதல், வெயிலில் மண்டை காய்ந்தது. கொடுக்க வந்தவர் மிளகு முதலாளி சுதர்ஷன் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். இந்த ஊர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறது என்றால் அதை ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

நான் போனபோது இசக்கிதுரை ஒரு பழைய கிடங்கின் கூரையில் இருந்தார். ஓட்டுக்கூரை பழுதுபார்ப்பதுதான் அவர் தொழில். வெறுங்காலுடன் சட்டங்களின் மேல் நடந்து, ஒவ்வொரு ஓடாக விரல் முட்டியால் தட்டி, சத்தம் பிடிக்காததை உருவிக் கீழே அனுப்புவார். அறுபத்திரண்டு வயது. கூரையில் இருக்கும்வரை வாய் திறக்க மாட்டார். கால் தரையில் பட்டதும் வாயும் காலும் ஒன்றாகக் கிளம்பிவிடும். அவரோடு பேச வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும். அன்று மட்டாஞ்சேரியிலிருந்து சுள்ளிக்கல்வரை நடந்தோம். வழியில் ஒரு சாயாக்கடையில் நுழைந்து, அண்ணாந்து பார்த்து, மேலே ஈரக்கறை இருந்ததால் வெளியே வந்து, அடுத்த கடையிலும் அதையே செய்தார். மூன்றாவது கடையில் சாயா கிடைத்தது. நின்றபடிதான்.

“வீடு வேண்டாம்னு ஞான் எங்கே சொன்னேன்? அந்த ஆதாரத்துல ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னேன். அது மதி, அதுவே போதும் இவனுங்களுக்கு.”

ஆதாரம் என்றால் இங்கே பத்திரம். பள்ளுருத்தியில் கீழே ஓர் அறையும் மேலே ஓர் அறையுமாக ஒரு சின்ன வீட்டை இசக்கிதுரையின் பெயருக்குத் தானமாக எழுதித்தர சுதர்ஷன் ஏற்பாடு செய்திருந்தார். எழுத்தர் வாசித்துக் காட்டும்போது ‘சினேகமும் கருணையும் காரணமாக’ என்று ஒரு வரி வந்தது. இசக்கிதுரை எழுந்துவிட்டார். கருணை என்றால் கொடுக்காமலும் இருந்திருக்கலாம் என்று பொருள். இது என் பங்கு, பங்கு என்றே எழுது என்றார். அன்று சுருட்டி வைத்த பத்திரம்தான், இன்னும் விரிக்கவில்லை. சுள்ளிக்கல்லில் அவர் இருக்கும் வாடகை வீட்டின் சொந்தக்காரரோ மாத முடிவுக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்.

பங்கு எப்படி வந்தது? சுதர்ஷன் அப்போது சின்ன வியாபாரி. நாற்பது டன் மிளகைக் கிடங்கில் வைத்துக்கொண்டு, கிலோ நூற்று நாற்பதுக்கு விற்றால் போதுமென்று இருந்தார். விற்க முடியவில்லை. கூட்டாளி வழக்குப் போட, நீதிமன்றம் கிடங்குக்கு முத்திரை வைத்துவிட்டது. சுதர்ஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஐந்து மழைக்காலம் போயிற்று. வழக்கு முடிந்து பூட்டைத் திறந்தபோது மிளகு எழுநூறை நெருங்கியிருந்தது. விற்கவிடாமல் தடுத்தவர்களே அவரைக் கோடீசுவரராக்கிவிட்டார்கள். அந்தப் பணத்தில் மிளகு எண்ணெய் ஆலை வந்தது. ஆலையிலிருந்து மற்றதெல்லாம் வந்தது.

மிளகு பழையதானால் கெடாது. ஈரம் பட்டால் பூஞ்சை பூத்துவிடும். ஐந்து மழைக்காலமும் அந்தக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டது இசக்கிதுரை. உள்ளே போக அனுமதியில்லை, வெளியே ஓடு மாற்ற மட்டும் அனுமதி. மழை கொட்டும்போதே ஏறினோம் என்கிறார். தினக்கூலி வந்தது. ஒரு நாளும் பாக்கியில்லை. அதையும் அவரே சொல்கிறார்.

கூலி வாங்கியாயிற்று, அப்புறம் என்ன பங்கு என்று கேட்டேன். நடையை வேகமாக்கினார். அதே கேள்வியை இன்னும் கூர்மையாக சுதர்ஷன் கேட்டிருந்ததும், அது இசக்கிதுரையைத் தூங்கவிடாமல் செய்திருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

சுதர்ஷனையும் பார்த்தேன். பெரிய மேசை; அதன் மேல் ஒரு பேனாவை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொண்டிருந்தார். அப்பா இதே பஜாரில் கணக்கெழுதியவர். முத்திரை வைத்தது அதிர்ஷ்டம்தான் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். அடுத்த கிடங்கு வெங்கடேஸ்வரன் தன்னைவிடக் கெட்டிக்காரர், தன்னைவிட அதிகம் உழைத்தவர், அவரை யாரும் தடுக்கவில்லை, நூற்று நாற்பதுக்கே விற்றார், இன்று கமிஷனுக்கு ஓடுகிறார் என்றும் சொன்னார். ஆனால் கையில் வந்த பணத்தை வட்டிக்கு விட்டுத் தூங்கியிருக்கலாமே, தூங்கவில்லையே என்றார். முந்நூறு பேர் ஆலையில் சம்பளம் வாங்குகிறார்கள். அது அதிர்ஷ்டமா?

இல்லைதான் என்றேன். ஆனால் அந்த முந்நூறு பேரில் எண்ணெய் எடுக்கத் தெரிந்தவர்கள் சர்க்கார் கல்லூரியில் படித்தவர்கள், சரக்கு போவது சர்க்கார் துறைமுகம் வழியாக, மிளகு காய்த்தது வேறு யாருடைய கொடியிலோ. சுதர்ஷன் பேனாவை நிறுத்தினார்.

“எல்லாத்தையும் கழிச்சா பின்னே எனக்குன்னு என்ன சாரே மிச்சம்? ஒண்ணு கேக்கட்டா, வெலை எறங்கியிருந்தா இசக்கியண்ணன் நஷ்டத்துல பங்கு எடுப்பாரா?”

நல்ல கேள்வி. சுமந்துகொண்டு சுள்ளிக்கல்லுக்குத் திரும்பினேன். இசக்கிதுரை இந்தத் தடவை பதிலோடு இருந்தார். முன்பொரு முறை மிளகு விலை தரையில் கிடந்தபோது சுதர்ஷன் எல்லாருக்கும் கூலியில் இருபது ரூபாய் குறைத்தாராம். வியாபாரம் மோசம், கொஞ்சம் தாங்கிக்கொள்ளுங்கள் என்றாராம். தாங்கிக்கொண்டார்களாம்.

“அப்போ நஷ்டத்துக்கு மட்டும் நாங்க கூட்டாளியா? லாபம் வந்தா கூலிக்காரனா?”

கேள்வியை நான் சுதர்ஷனிடம் தூக்கிச் செல்லக் கிளம்பினேன். வாசலில் இசக்கிதுரையின் மனைவி ரோஜா வழிமறித்தார். தங்கும் விடுதி ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை; அன்று விடுமுறை. இத்தனை நாள் நடந்த வாதத்தில் ஒரு சொல்கூடக் கலக்காதவர், முறத்தை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

“பங்கு பங்குன்னு குதிக்காதே. தானம்னா நமக்கு மட்டும். பங்குன்னா மாயம்மாக்காவும் வருவா. அந்தக் கூரைக்கு ரெண்டு பக்கம் உண்டு.”

இசக்கிதுரை நடப்பதை நிறுத்தினார்.

மறுநாள் அந்த மிளகுக் கிடங்கைப் போய்ப் பார்த்தேன். ரோஜா சொன்னது சரி. கூரைக்கு இரண்டு சரிவு: ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று காயலைப் பார்த்து. தண்ணீரின் மினுக்கம் கண்ணைக் குத்துகிறது என்று இசக்கிதுரை தெருப்பக்கம் எடுத்துக்கொண்டார். காயல் பக்கம் ஏறியவர் சங்கிலிப்பாண்டி. காற்றும் மழையும் அடிப்பது அந்தப் பக்கம்தான். எதிர்மாடியில் அப்போது சுதர்ஷனின் அலுவலகம். ஐந்து வருடமும் ஜன்னலில் நின்று கூரையைப் பார்த்துக் கவலைப்பட்டவருக்குத் தெரிந்தது தெருப்பக்கச் சரிவு மட்டும், அதில் குனிந்து நின்ற ஒரே முதுகு மட்டும். சங்கிலிப்பாண்டி பிறகு காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி மாயம்மாள் பள்ளுருத்தியில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் மாநகராட்சிக் குழுவில் இருக்கிறார்.

ஆக, சுதர்ஷனுக்கு முத்திரை அதிர்ஷ்டம், இசக்கிதுரைக்கு ஜன்னல். இதை இசக்கிதுரையிடம் சொல்லிக்காட்ட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் தோப்பும்படிப் பாலத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். கருணை என்ற சொல்லை விழுங்கிவிட்டால் முழு வீடு. விழுங்காவிட்டால் பாதி. ரோஜா சமையலை நிறுத்தவில்லை, பேச்சை நிறுத்தியிருந்தார்.

மூன்றாம் நாள் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளுருத்தி போனார். மாயம்மாள் பச்சை மேலங்கியோடு திணித்த சாக்குகளுக்கு நடுவில் பால் கவர்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இசக்கிதுரை முத்திரையிலிருந்து ஆரம்பித்து முற்றத்தில் நடந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். முடிக்கும்போது, உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு தாயி என்றார். மாயம்மாள் கவர் பிரிப்பதை நிறுத்தவில்லை.

“நீ பாதி கொடுக்க வரல்ல இசக்கியண்ணே. நான் வேண்டாம்னு சொல்றதைக் கேக்க வந்தே. நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பாதி வேணும்.”

அடுத்த கவரை எடுத்தபடி, மேல் அறை உனக்கா எனக்கா என்று மட்டும் கேட்டார். மேல் அறை எனக்கு, கூரை பக்கத்திலே இருக்கும் என்றார் இசக்கிதுரை. முடிந்தது.

சுதர்ஷனிடம் இரண்டு பெயர் என்று சொன்னபோது, ஒன்றானால் என்ன இரண்டானால் என்ன என்று கையசைத்தார். அப்புறம், காயல் பக்கமும் ஆள் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். வேறு எந்தப் பக்கமெல்லாம் ஆள் இருந்தது என்று அவர் யோசிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பேனா வெகுநேரம் அசையவில்லை. கூலி குறைத்த கதையையும் சொன்னேன். நினைவில்லை என்றார். நினைவிருக்கிறது என்பதுபோல்தான் சொன்னார்.

பங்கு என்று எழுத முடியாது, அப்படியானால் அது தானமே ஆகாது, வேறு வகைப் பத்திரம், வேறு கணக்கு என்று எழுத்தர் விளக்கினார். கருணையை அடிக்கலாமா என்று சுதர்ஷனே கேட்டார். அடிக்கலாம், சட்டத்துக்கு அது வேண்டியதில்லை. சினேகம் மட்டும் நின்றது. இருக்கட்டும், சினேகம் ரெண்டு பக்கமும் உள்ளதுதானே என்று இசக்கிதுரை கையெழுத்திட்டார். முதலாளி கொடுத்ததாக முதலாளி நினைக்கிறார், எடுத்துக்கொண்டதாக இவர் நினைக்கிறார். பதிவு அலுவலகம் இரண்டையும் ஒரே முத்திரையில் முடித்துவிட்டது. பஜாரில் இப்போது பாதி வீட்டைத் தூக்கிக் கொடுத்த வள்ளல் என்று பேச்சு. அப்படிச் சொன்ன அரிசிக் கடைக்காரரை இசக்கிதுரை நடுத்தெருவில் திட்டினார். அவளுடையதை அவளுக்குக் கொடுப்பவன் வள்ளலா என்று.

பதிவுக்குப் புகைப்படம் வேண்டியிருந்தது. மாயம்மாளிடம் அன்று சில்லறை இல்லை. ஸ்டுடியோவில் எண்பது ரூபாயை இசக்கிதுரைதான் கொடுத்தார். கூரை பங்கு, போட்டோ கடன் என்று அப்போதே தெளிவாகச் சொன்னார். குடிவந்து இரண்டு மாதமாகிறது. தினமும் காலையில் வேலைக்கு இறங்கும்போது கீழ் அறை வாசலில் நின்று அந்த எண்பது ரூபாய்க்குக் கையை நீட்டுகிறார். நான் போயிருந்த அன்றும் நீட்டினார். அடுத்த மாசம் தரேன் அண்ணே என்று மாயம்மாள் அந்தக் கையில் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த சூடான பழம்பொரி ஒன்றை வைத்தார். நின்றபடியே தின்று முடித்து, எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துவிட்டு, மறுபடி நீட்டினார்.