உட்கார மறுத்த இரண்டு பெரியவர்கள்

பிஷ்கெக்கில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் சிர்காவுக்கு அழுக்கு என்றால் ஆகாது. சமைக்கப் போகுமுன் கழுவின பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவுவாள். பிஸ்மில்லா சொல்லாமல் கணினியைத் திறக்கமாட்டாள். திறந்தாலும் நேற்று எழுதின வரிகளைத் துடைத்துச் சீராக்காமல் இன்றைய வேலைக்குள் போகமாட்டாள். மலைநாட்டு நரினில் பிறந்தவள். அவள் அப்பா லாரி ஓட்டிய மனிதர். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவுகிறாரோ இல்லையோ, வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிடுவார். அந்தப் பழக்கம் மகளுக்கு அப்படியே இறங்கியிருந்தது. வங்கியில் அதனாலேயே அவளுக்கு நல்ல பேர்.

அப்படிப்பட்டவள் போன குளிர்காலத்தில் ஒரு கேம் ஜாமுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அதை வைத்து ஒரு விளையாட்டைச் செய்து காட்டவேண்டும். அவளை 'எஜே, எஜே' என்று அக்கா முறையில் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போனது மீரிம். தேநீர்க்கடைகளுக்குப் பலகை வரைகிற பெண், சிர்காவைவிட ஐந்து வயது சின்னவள், வாய் மட்டும் பத்து வயது பெரியது. கொடுத்த தலைப்பு 'இடம் கொடு'. இருவரும் விருந்து விளையாட்டு ஒன்று செய்தார்கள். விருந்தாளிகள் ஒவ்வொருவராக வாசலில் வருவார்கள். விளையாடுகிறவர் அவர்களைத் உணவு பரப்பின விரிப்பைச் சுற்றி உட்காரவைக்கவேண்டும். வாசலுக்கு நேரெதிரே நடுவில் இருக்கும் தோர் என்ற முதல் இடம் வயதில் மூத்தவருக்கு. அங்கிருந்து இரண்டு பக்கமும் வயதுப்படி இறங்கி, வாசலோரம் இளையவர்கள். இறைச்சி வருவதற்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தால் வெற்றி.

அவசரத்தில் சிர்கா ஒரு பிழை விட்டாள். பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட இளையவராக இருந்தால்தான் மேலே உட்காரவேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். ஒரே வயதுக்காரர் இருவர் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. காட்டும் நேரத்தில், திரையில் எழுபத்தொரு வயதுப் பெரியவர் இருவர் வந்தார்கள். "நீங்க உட்காருங்க" என்று ஒருவர் எழுந்தார். "ஐயோ, நீங்க உட்காருங்க" என்று மற்றவர் எழுந்தார். மாறி மாறி எழுந்துகொண்டே இருந்தார்கள். இறைச்சி வந்து ஆறிப்போயிற்று. கூடம் முழுக்கச் சிரிப்பு. பார்வையாளர் பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. சிர்காவுக்கோ முகமெல்லாம் சிவந்துவிட்டது. வேண்டுமென்றே செய்ததாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் வங்கியில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தாள். ஆறு வாரம். மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார். இன்னொரு தடவை கேட்கமுடியாது. ஆறு வாரத்துக்குள், காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஒரு விளையாட்டின் பாதியாவது கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வங்கிக்குத் திரும்பிப் போய், விளையாட்டு செய்யும் ஆசையை மூட்டை கட்டி வைக்கவேண்டியதுதான்.

முதல் வாரம் போனதும் மீரிம் வந்தாள். சிர்கா பெருமையோடு கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"எல்லாத்தையும் புதுசா எழுதிட்டேன். இனிமே எத்தனை விருந்தாளி வேணும்னாலும் சேர்க்கலாம். அந்தப் பெரியவங்க பிரச்சினையும் போச்சு. ஒரே வயசுன்னா முதல்ல வந்தவர் மேல."

மீரிம் ஒரு சுற்று விளையாடினாள். இரண்டாவது சுற்றைப் பாதியில் விட்டுவிட்டாள். போர்சோக் என்ற பொரித்த ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துப் பழப்பாகில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு கணினியை மெல்லத் தள்ளினாள்.

"சொல்லித் தொலை" என்றாள் சிர்கா.

"எஜே, கோவிச்சுக்காதீங்க. இதுல நான் செய்யறதுக்கு என்ன இருக்கு? வயசைப் பார்க்கறேன், வரிசையா வைக்கறேன். இது விளையாட்டு இல்ல, உங்க பேங்க் வேலை."

"ஜாம்ல எல்லாரும் சிரிச்சாங்களே?"

"சிரிச்சாங்க. அஞ்சு நிமிஷம். ஒரு ஜோக்கை வச்சு ஆறு வாரம் ஓட்டமுடியுமா? விட்டுடலாம் எஜே. ஓஷ் பஜார்ல வாதாம்பருப்பு திருடற காக்கா ஒண்ணு வரைஞ்சு வச்சிருக்கேன். அதைப் புதுசா ஆரம்பிக்கலாம். அந்தக் காக்காவுக்கு என் மூஞ்சி மாதிரியே இருக்கும்."

"அதான் பயம்" என்றாள் சிர்கா. ஆனாலும் நாட்களை எண்ணிப் பார்த்தாள். ஒரு வாரம் போயாயிற்று. காக்காவைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து. அது நன்றாக வருமா என்று தெரியவே இன்னும் மூன்று வாரம் ஆகும். விருந்தையே பிடித்துக்கொண்டாலோ, செத்த குதிரையின் மேல் சேணம் கட்டினதுபோல ஆகிவிடலாம். இரண்டில் எது என்று மனசு ஒரு பக்கமும் சாயவில்லை. இறைவன் விட்ட வழி என்று எழுந்து தேநீர் ஊற்றினாள்.

மீரிம்தான் ஒரு முடிவு சொன்னாள். மறுநாள், சனிக்கிழமை, அவள் அண்ணன் வீட்டில் குழந்தை நடக்கத் தொடங்கினதுக்கு விருந்து. குழந்தையின் கால்களில் கட்டின கறுப்பு வெள்ளைக் கயிற்றை வெட்டுவார்கள், நிறையப் பேர் வருவார்கள். "அங்க விளையாடக் கொடுப்போம். ஜாம்ல வந்தவங்கல்லாம் நம்மள மாதிரி கிறுக்குங்க. இவங்க யாரும் கேம் ஆடறவங்க இல்ல. இவங்களுக்குப் பிடிச்சா உங்க விருந்து. பிடிக்கலேன்னா என் காக்கா."

சனிக்கிழமை கயிறு வெட்டி, குழந்தை நாலு அடி வைத்து, பின்பக்கமாக உட்கார்ந்து, எல்லோரும் கை தட்டி முடித்தார்கள். இறைச்சி இன்னும் வேகவில்லை. சிர்கா கணினியை விரிப்பின் மேல் வைத்தாள். விருந்தாளிகள் புது விளையாட்டை மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார்கள். "நல்லா இருக்கும்மா" என்றார் ஒருவர். "கலர் நல்லா இருக்கு" என்றார் அடுத்தவர். இரண்டு சுற்றுக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ரொட்டித் தட்டைக் கை மாற்றுவதுபோல மாற்றி மாற்றிவிட்டார்கள். மீரிம் தூரத்திலிருந்து இரண்டு கையையும் சிறகுபோல அடித்துக் காட்டினாள்.

அப்போது மீரிமின் அண்ணி ஜில்டிஸ் தேநீர் ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இதுல அந்த ரெண்டு கிழவங்க எங்க? மீரிம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே!"

"அது பிழை அண்ணி. சரி பண்ணிட்டேன்" என்றாள் சிர்கா.

"யாரு சரி பண்ணச் சொன்னா? அதைக் காட்டும்மா!"

ஜாமில் செய்த பழைய விளையாட்டு ஒரு மூலையில் அப்படியே இருந்தது. சிர்கா தயங்கித் தயங்கித் திறந்தாள். எழுபத்தொரு வயதுக்காரர்கள் வந்தார்கள். எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். ஜில்டிஸ் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சிர்காவைத் திகைக்கவைத்தது அந்தச் சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு நடந்தது. ஜில்டிஸின் அப்பா, அந்த வீட்டுக்குச் சம்பந்தி, அசான்பெக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"இப்படியே விட்டா இறைச்சி ஆறிடும். வாசல்ல நிக்கற அந்தக் கிழவிக்கு என்ன வயசு?"

"எழுபத்தெட்டு" என்றாள் சிர்கா.

"அவங்களைக் கூட்டிட்டு வந்து நடுவுல உட்கார வை. இவனுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தாத்தானே மரியாதை!"

வைத்தார்கள். கிழவி தோரில் அமர்ந்தாள், பெரியவர்கள் இரண்டு பக்கமும் அடங்கி உட்கார்ந்தார்கள். அறை முழுக்க ஆரவாரம். அசான்பெக் மீசையைத் தடவிக்கொண்டார். "அடுத்தது போடு."

அடுத்தது ஏது? மொத்தமே மூன்று சுற்றுதான், இதுதான் கடைசி. ஆனால் அறை அடங்கவில்லை.

"மருமகளை யாரு மேல உட்கார வச்சது? அவ வாசல்கிட்ட இருந்தாத்தானே டீ ஊத்தமுடியும்" என்றாள் ஜில்டிஸ்.

"சம்பந்தி வந்தா வயசெல்லாம் பார்க்கக்கூடாது. சம்பந்திதான் மேல" என்றார் அசான்பெக்.

"தன் வாயாலயே தோரைக் கேக்கறார் பாருங்க!" என்று மீரிமின் அண்ணன் கத்தினான்.

சிர்கா அங்கேயே பழைய நிரலைத் திறந்தாள். சம்பந்தி என்றால் வயதோடு இருபது கூட்டிக்கொள்ளச் சொல்லி ஓர் எண்ணை மாற்றினாள், அவ்வளவுதான். ஐம்பது வயதுச் சம்பந்திகள் இருவரைப் புதிதாக உள்ளே விட்டாள். மறுபடி தகராறு. இந்தத் தடவை நடுவில் வைக்க அவர்களைவிட மூத்தவர் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர்தான். அவர் கடைசியில்தான் வந்தார், அதுவரை மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அசான்பெக் இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவை யாரையும் விசைப்பலகையைத் தொடவிடவில்லை.

ஓர் எண்ணை மாற்றினதுக்கே இத்தனை புதுச் சிக்கல் வருகிறதே என்று சிர்கா நினைத்தாள். மருமகள், தூரத்திலிருந்து வந்தவர், கோபித்துக்கொண்டு வந்த மாமா... ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உட்கார மறுப்பார்கள். வரிசைப்படுத்துவது இல்லை விளையாட்டு. வரிசைக்குள் வர மறுப்பவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் விளையாட்டு. அவள் துடைத்து எறிந்தது பிழையை மட்டும் இல்லை, விளையாட்டின் உயிரையும்தான்.

சந்தோஷம் தாங்காமல் ஏழாவது ஆளைச் சேர்த்தாள். ஜாம் அவசரத்தில் ஆறு இடத்துக்குத்தான் எழுதியிருந்தாள். திரையில் விரிப்பு எழும்பி எல்லார் தலையையும் மூடிக்கொண்டது. தேநீர்க் கெண்டி கூரையில் போய் ஒட்டியது. அறை இன்னொரு தடவை அதிர்ந்தது.

"பாத்தீங்களா, இந்தப் புரோகிராமை வச்சு இன்னும் ஒரு ஆளைக்கூட சேர்க்கமுடியாது" என்றாள் மீரிம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"முடியாது. பழைய புரோகிராமைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றாள் சிர்கா.

"அப்ப காக்காவா?"

"இல்ல. விளையாட்டு இதேதான். புரோகிராம் மட்டும் நான் இந்த வாரம் சுத்தமா எழுதினது. அதுல ஆள் சேர்க்க எல்லாம் தயாரா இருக்கு. நான் தூக்கி எறிஞ்ச அந்த ஒரு விதி மட்டும் உள்ள வரணும். யாரும் சொன்ன உடனே உட்காரக்கூடாது."

மீரிம் கொஞ்சம் யோசித்தாள். "என் காக்காவை என்ன பண்றது? அழுவுமே."

"பொறுத்துக்கச் சொல்லு. விருந்து வித்தா அடுத்தது அதுதான்."

"விக்கலேன்னா?"

"அப்ப நான் பேங்க். நீயும் காக்காவும் பஜார்."

மீரிம் அவளை முழங்கையால் இடித்தாள். "சரி எஜே. நான் வரையறேன். ஆனா அந்த சம்பந்திக்கு அசான்பெக் மீசைதான் வைப்பேன்."

"கேட்டுட்டு வை. அவர் உன் அண்ணனுக்கு மாமனார்."

அதற்குள் இறைச்சித் தட்டு வந்துவிட்டது. ஜில்டிஸ் கணினியை மூடச் சொன்னாள். அசான்பெக் விடவில்லை.

"கொஞ்சம் பொறும்மா, இந்த ஒருத்தனை மட்டும் உட்கார வச்சுட்டு வர்றேன்."

சிர்கா மனசுக்குள் அல்ஹம்துலில்லா சொல்லிக்கொண்டு, அவர் பக்கத்தில் குனிந்து, எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பார்க்கத் தொடங்கினாள். இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து வாரம் இன்னும் கையில் இருந்தது.