ஒரு தடவைதான் கேட்கலாம்

என்னிடம் வந்து யாராவது, "நீ பேசாமல் இருந்து எனக்கு உதவி செய்" என்று கேட்பார்களா? என் சிநேகிதி கேட்டாள். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருக் குழாயடியில் என் குரல் கேட்டால்தான் தண்ணீர் வந்துவிட்டது என்று மற்ற வீடுகளுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் வேலை பார்த்த பீன்யா கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் மேடம்கூட என்னிடம் அளந்துதான் பேசுவார். அப்படிப்பட்ட என் பக்கத்தில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாளையிலேருந்து காலையில ஏரிப் பக்கம் நடக்கப் போறேன். நீ கூட வரணும். ஆனா என் உடம்பப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. நான் இன்னா சாப்பிடறேன், இன்னா சாப்பிடல, அதையும் பேசக்கூடாது."

"அப்ப வேற இன்னாத்தடி பேசறது?" என்றேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவளுக்கு முட்டி வலி. எங்கள் தையல் லைன் இருந்தது மூன்றாவது மாடி. லிப்ட் துணிக்கும் அட்டைப்பெட்டிக்கும்தான், மனுஷிகளுக்கு இல்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவள் ஏறி வருவதற்குள் பெல் அடித்துவிடும். எடையைக் குறைத்தால் முட்டிக்கு நல்லது, தினமும் நட, மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்று டிஸ்பென்சரி டாக்டர் சொல்லியிருந்தார். இப்படியே போனால் தையல் வேலையை விட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் அவளுக்கு வீட்டில் மாமியாரும் டிவியும்தான். அதை நினைத்துத்தான் அவள் பயந்தாள்.

ஏற்கெனவே சில தடவை ஆரம்பித்துப் பாதியில் விட்டவள்தான். ஒவ்வொரு தடவையும் விட்டதற்குக் காரணம் காலும் இல்லை, சோறும் இல்லை, வாய். அவளுடைய வாய் இல்லை, மற்றவர்களுடையது. ஒரு தடவை மாமியார் தட்டைப் பார்த்து, "நடக்கறதும் நடந்துட்டு இதையும் துன்னா எப்படி?" என்றார். அன்றிலிருந்து அவள் எல்லோர் முன்னாலும் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சமையலறையில் நின்றுகொண்டே மீதியைச் சாப்பிட்டாள். இன்னொரு தடவை ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, "சூப்பரா எளச்சிட்டியே" என்று கொண்டாடினார்கள்.

"அது நல்ல வார்த்தைதானே?" என்றேன்.

"நல்ல வார்த்தைதான். அப்ப இத்தினி நாளா என்னப் பாத்து இன்னா நெனச்சுக்கினு இருந்தாங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சு. அப்புறம் கொஞ்சம் ஏறிடிச்சு. அதே கண்ணுங்க மறுபடி பாக்குமேன்னு அடுத்த கல்யாணத்துக்கே போவல. நடக்கறதும் நின்னுடிச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கல்யாணத்தில் நானும் இருந்தேன். நான் சொன்னேனா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வாயை மூடும் வேலையை அங்கேயே ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை, நடுங்கும் குளிரில், ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தெருமுனையில் நின்றாள். நான் போய் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "இன்னாடி, காபி குடிச்சியா?" என்பதுதான். சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள் நான். தமிழ்க்காரங்க "சாப்டியா" என்பார்கள், கன்னடக்காரங்க "ஊட்டா ஆய்த்தா" என்பார்கள். இரண்டையும் எடுத்துவிட்டால் மனிதர்கள் எப்படித்தான் ஒருவரையொருவர் விசாரிப்பது?

அவள் சிரித்தாள். "அது பரவால்ல. எல்லாரையும் கேக்கற மாதிரி கேளு. எனக்குன்னு தனியா கேக்காத, அவ்ளோதான்."

அல்சூர் ஏரிக்கரையில் முதல் சில நாள் பேச விஷயமே கிடைக்கவில்லை. இத்தனை வருஷ சிநேகிதத்தில் நாங்கள் பேசியதெல்லாம் உன் டிபன்பாக்ஸில் என்ன, என் டிபன்பாக்ஸில் என்ன என்பதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு செக்கிங் செக்ஷன் பெண்ணுக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த விவகாரம் கைகொடுத்தது. அது நன்றாக நீளும் விவகாரம். பாதி சுற்று தாண்டியதும் அவள் மூச்சு வாங்கினால் நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுவேன். வாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நடந்து முடித்ததும் கடையில் நின்றபடி ஒரு காபி வாங்கி பை-டூ போட்டுக்கொள்வோம், ஆளுக்குப் பாதி. அது எங்கள் பழைய வழக்கம். ஒருநாள் அவள் பின்னால் மெதுவாக வந்து சேர்வதற்குள் நானே ஆர்டர் கொடுத்துவிட்டேன், சர்க்கரை இல்லாமல். ஒரு வாய் குடித்தாள். டம்ளரை வைத்தாள். கடைக்காரரிடம் சர்க்கரை கேட்டு வாங்கிப் போட்டுக் கலக்கினாள்.

"நான் வாயே தொறக்கலியே" என்றேன்.

"கை பேசிச்சு" என்றாள்.

"உன் நல்லதுக்குத்தானே."

"என் நல்லது எனக்குத் தெரியும்டி. எத வுடணும், எத வெச்சுக்கணும்னு டாக்டர்கிட்ட பேசி நானே முடிவு பண்ணிட்டேன். இந்தக் காபிய வெச்சுக்கினேன். நீ போலீஸ் வேல பாக்க வேணாம், கூட நட."

அரை டம்ளர் காபிக்கு இவ்வளவா என்று அன்று முழுக்க முறுக்கிக்கொண்டு இருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. என்னுடைய காபியில் அவள் கைவைத்திருந்தால் நான் கடையையே இரண்டாக்கியிருப்பேன்.

என்னை அடக்கியாயிற்று. என் அம்மாவை யார் அடக்குவது? ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டு அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். அவள் வருவதற்கு முன்பே அம்மாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். பெருத்துட்டே சொல்லாதே, இளைச்சுட்டே சொல்லாதே, இட்லி வேணுமான்னு ஒரே ஒரு தடவை கேள், வேணாம்னா விட்டுடு, வேணும்னா வை.

அம்மா மற்றதற்கெல்லாம் தலையாட்டினார். ஒரு தடவை என்பதை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "ஒரு தடவ கேட்டு வுட்டா, சாஸ்திரத்துக்குக் கேட்டோம்னு நெனைக்க மாட்டாளா? என்ன இன்னான்னு நெனப்பா?" என்று கண் கலங்கிவிட்டார்.

அவள் வந்தாள். "இட்லி சாப்பிடறியா கண்ணு?" என்றார் அம்மா. "வேணாம் அத்த, இப்பத்தான் ஆச்சு" என்றாள். அம்மா வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடினார். மறுபடி திறந்து, "உங்க வீட்டுப் பக்கம் கரண்ட் போவுதா?" என்றார். அன்று அம்மா கரண்டைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார். அடுத்த ஞாயிறு அவளே, "ரெண்டு இட்லி குடுங்க அத்த" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மா ஏழு ஊருக்கு மகாராணி ஆகிவிட்டார். மூன்றாவது இட்லியை எடுத்த அம்மாவின் கையை நான்தான் பிடித்துக் கீழே வைத்தேன்.

டாக்டரிடம் போகும்போது துணைக்குப் போவேன். உள்ளே போக மாட்டேன், வெளியே பெஞ்சில் இருப்பேன். வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்க மாட்டேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வியை விழுங்கியதுபோல வேறு எதையும் நான் வாழ்க்கையில் விழுங்கியதில்லை. அவள் முகத்தை மட்டும் பார்ப்பேன். முகத்தில் ஒன்றும் தெரியாது, பாவி.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஃபேக்டரியில் அன்று ஒரு கூத்து உண்டு. மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் ஸ்வீட்டும் கொடுத்த பிறகு, எல்லோரும் பேக்கிங் செக்ஷனுக்குப் போவோம். அங்கே அட்டைப்பெட்டி நிறுக்கும் பெரிய எடை மெஷின் ஒன்று, வட்ட முகமும் நீள முள்ளுமாக நிற்கும். பூஜை போட்ட மெஷினில் ஏறி இறங்கினால் அந்த வருஷம் நல்ல வருஷம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ. ஒவ்வொருத்தியாக ஏற, மேடம் எண்ணைக் கன்னடத்தில் சத்தமாகப் படிப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். மேடம் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அதுதான் கஷ்டமே.

அன்று மேடம் கூட்டத்தில் அவளைத் தேடிப் பிடித்து, வா வா என்று கன்னடம் கலந்து கூப்பிட்டார். "பாரம்மா, நீ பா. தினமும் வாக்கிங் போறியாமே. எஷ்டு கம்மி ஆயிருக்கேன்னு எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டம் திரும்பியது. "ஆமாடி, எளச்சித்தான் இருக்கா" என்றாள் ஒருத்தி. "எங்க, எனக்கு அப்படியேதான் தெரியுது" என்றாள் இன்னொருத்தி. அவள் சிரித்தாள். எல்லோர் முன்னாலும் அரை வயிறு சாப்பிட்டபோது சிரித்திருப்பாளே, அந்தச் சிரிப்பு. கையில் இருந்த ஸ்வீட் பாக்கெட் நசுங்கியது. இவள் இப்போது ஏறினாள் என்றால் நாளைக்கு ஏரி இல்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. "வேண்டாம் விடுங்க" என்று தடுத்தாலும் அது அவள் உடம்பைப் பற்றிய பேச்சுதான், ஏன் வேண்டாம் என்று நாலு பேர் ஆரம்பிப்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் லைன் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் மெஷின் மேல் ஏறினேன்.

"மேடம், நம்ம லைன் மொத்தமா எவ்ளோ வெயிட்டுன்னு பாக்கலாம். ஷிப்மெண்ட் போடற மாதிரி. எல்லாரும் ஏறுங்கடி."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு இரண்டு பேர் ஏறினார்கள். நாலு பேர் ஏறினார்கள். ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கூச்சலும் சிரிப்புமாக ஆகிவிட்டது. மேடத்தையும் இழுத்து ஏற்றினோம். நடுவில் எங்கேயோ அவளும் இருந்தாள். முள் வட்டத்தின் கடைசிக்குப் போய் டக்கென்று முட்டி நின்றது. நாங்கள் இறங்கின பிறகும் திரும்பி வரவில்லை. பேக்கிங் இன்சார்ஜ் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அன்று வேறு யாரும் ஏற முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க மாவிலையும் சாமந்தியுமாக இருந்தது. யஷ்வந்த்பூர் தாண்டும் வரை அவள் ஒரு சாமந்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன வாரம் டாக்டர்கிட்ட வெயிட்டு ஏறிடிச்சுடி. எறங்கினதுல பாதி திரும்ப வந்துடிச்சு."

போன வாரத்துக்கு அப்புறம் நாங்கள் ஒருநாளும் விடாமல் நடந்திருந்தோம். கட்டிங் மாஸ்டரைப் பற்றி அவள்தான் அதிகம் பேசினாள். ஐயோ பாவம் என்று சொல்லலாமா, பரவாயில்லை என்று சொல்லலாமா, அடுத்த மாதம் குறையும் என்று சொல்லலாமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் சரியாக இல்லை. "ம்" என்றேன்.

"முன்னாடில்லாம் ஏறினா அன்னிக்கே வுட்டுடுவேன். இந்தத் தடவ யாருக்கும் பதில் சொல்ல வேண்டி வரல. அதனால மறுநாள் எழுந்து வந்துட்டேன்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நான் உடனே ஜன்னலைப் பழி சொல்லி, தூசி, மூடு என்றேன்.

"நாளைக்கு லீவு" என்றாள். "தூங்கப் போறியா, வர்றியா?"

அந்த லீவுக்காக நான் ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன். போர்வைக்குள்ளிருந்து எட்டு மணிக்கு முன்னால் யார் எழுப்பினாலும் கொலை என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன்.

"வந்து தொலையறேன்" என்றேன்.