கையெழுத்துக்கு முன்னால்

நல்லேப்பிள்ளி ஊர்ப் பூவாத்தாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் தந்த மலையாளச் சம்மதப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து, கஞ்சிக்கோடு கம்பெனியில் வேலையிலிருந்த மகள் செல்வப்பிரியாவுக்கு அனுப்பினாள்.

மகள் போனில் சொன்னாள்: "கட்டியோட கர்ப்பப்பையவே எடுத்துருவாங்கம்மா. ரத்தம் நெறையாப் போகலாம், மூத்திரப்பைல காயம் படலாம். வேணும்னா சினைப்பையையும் எடுப்பாங்களாம். கையெழுத்துப் போட்டப்புறங்கூட வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்குது."

"வேண்டாம்னா இந்த ரத்தப்போக்கு நிக்குமாக்கும்?"

மருந்து மாத்திரையெல்லாம் பார்த்தாயிற்று.

டாக்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று பூவாத்தாள் நர்ஸிடம் சொல்லிவிட்டாள். டாக்டர் வந்தார். சினைப்பை நன்றாக இருந்தால் எடுக்க மாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தார். அவளும் கையெழுத்துப் போட்டாள். வேறு வழி இருந்திருந்தால் அப்போதே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பாள்.