வாய் ஏழு

அக்காவின் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதென்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இனிமேல் கொழுந்துக் கூடை தூக்கக் கூடாது. ஆனால் தேயிலை எஸ்டேட்டில் கூடை தூக்காதவளுக்கு வேறு வேலை கிடையாது. அப்போதுதான் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் மேனேஜர், அவள் இஞ்சியும் ஏலமும் கலந்து தயாரிக்கும் தேயிலைத்தூளில் டீ போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்குள் இருநூறு டின் கேட்டார். பிடித்திருந்தால் மாதாமாதம் எடுப்பதாகவும் சொன்னார். அக்கா மலையிலிருந்து இறங்குவதற்கு இருந்த ஒரே வழி அதுதான்.

டின்னில் சுற்றும் லேபிளை நான் அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. தானா ராத்தாவில் சின்னதாக ஒரு அச்சுக்கடை வைத்திருக்கிறேன். அக்கா பதினாலு வயதில் கொழுந்து பறிக்கப் போனதால்தான் நான் பள்ளிக்கூடத்தில் கடைசிப் படியான ஐந்தாம் படிவம் வரை படித்தேன். அந்தப் படிப்பைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

போனில் டின்னின் அகலம் கேட்டேன்.

"வாய் ஏழு சென்டிமீட்டர் தம்பி. ஒசரம் பத்து. நீ ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போயேன்லா."

"அதெல்லாம் வேணாம்கா. கணக்கு இருக்குல்ல."

முக்கால் மணி நேரப் பாதை. போயிருக்கலாம். எஸ்டேட் தொழிலாளர்களின் அந்த லைன் வீட்டுக்குப் போனாலே எனக்கு முகம் சுண்டிவிடும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கு சுலபமானது. டின்னைச் சுற்றிய தாளைக் கழற்றி விரித்தால் செவ்வகம்தான். உயரம் டின்னின் உயரம், நீளம் டின்னின் சுற்றளவு. ஏழை இருபத்திரண்டின் கீழ் ஏழால் பெருக்கினால் கச்சிதமாக இருபத்திரண்டு. ஒட்டுவதற்கு ஒன்று சேர்த்து இருபத்து மூன்று. மழை ஈரத்துக்கு ஊறாத ஸ்டிக்கர் தாள் ஈப்போவிலிருந்து வர நான்கு நாளாகும். நாற்பத்தாறு சென்டிமீட்டர் அகலச் சுருள், குறுக்கே இரண்டு லேபிள், நூறு வரிசை. சரியாகப் பத்து மீட்டர் வரவழைத்தேன். ஒரு துண்டுகூட வீணாகாத கணக்கு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

தாளுக்குச் சொல்வதற்கு முன்பே எஸ்டேட் லோரி டிரைவர் அண்ணன் கடையில் நின்று ஒரு சுருட்டிய காகிதத்தைக் கொடுத்திருந்தார். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். "டின்னுல சுத்தி வெட்டுனதாம்பா. ஒங்கக்கா ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு." பழைய காலண்டர் தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. விரித்துக்கூடப் பார்க்காமல் மேசை டிராயருக்குள் போட்டேன்.

வெள்ளிக்கிழமை லேபிள்களைக் கொண்டுபோனேன். அக்கா கை கழுவி, சாமி படத்தின் முன்னால் ஒன்றை வைத்து எடுத்து, முதல் டின்னில் சுற்றினாள். இரண்டு ஓரமும் சேரவில்லை. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் தகரம் தெரிந்தது. தேயிலைச் சரிவு டின்னைச் சுற்றி ஓடிவந்து சேருகிற மாதிரி படம் போட்டிருந்தேன். அது பாதியில் அறுந்து நின்றது.

டின்னின் வாய் உள்ளே ஒடுங்கியிருந்தது. ஸ்கேலைப் படுக்கவைக்க அங்கேதான் இடமுண்டு, அவள் அங்கே அளந்திருக்கிறாள். டின்னின் வயிறு ஏழு புள்ளி ஆறு. குறுக்கே ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் சுற்றும்போது மூன்று மடங்குக்கு மேலாகிவிடும். ஒட்டுவதற்கு விட்ட ஒரு சென்டிமீட்டரையும் விழுங்கி, இன்னும் ஒன்பது மில்லிமீட்டர் கேட்டது. வேறு தாளும் கையில் இல்லை, நாளும் இல்லை.

அக்கா விரலால் அந்த இடைவெளியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "நான் வெட்டிக் குடுத்தனுப்புன காயிதம் வரலியா தம்பி?"

"வரலக்கா."

எப்படி அவ்வளவு வேகமாக வாயில் வந்ததென்று தெரியவில்லை.

"அதானே பாத்தேன். வந்திருந்தா நீ பாத்திருப்பல்ல. அந்த மனுசன் எங்கியோ தொலச்சிருக்கான்."

நான் மறுக்கவில்லை. ஹோட்டலில் மேனேஜர் டின்னைத் திருப்பிப் பார்த்து, அரைகுறை உடுப்பு மாதிரி இருக்கிறதென்றார். அதோடு முடிந்தது.

கடைக்குத் திரும்பி டிராயரைத் திறந்தேன். காலண்டர் தாளை விரித்து ஸ்கேலை வைத்தேன். உயரம் பத்து. நீளம் இருபத்து மூன்று புள்ளி ஒன்பது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் என் அக்காவைக் கெடுத்தேன்.

திங்கட்கிழமை அவள் இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி மலைக்குப் போனாள். இன்றும் போகிறாள். என்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தீபாவளிக்கு லைன் முழுக்க முறுக்கு கொடுத்தனுப்புகிறாள். பக்கத்து வீட்டு லோரி டிரைவருக்கு மட்டும் கொடுப்பதில்லை.