இங்கே சிரிக்கவும்

போனில் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கும் எங்கள் ஆபீஸில் ஒருத்திக்குக் கிளி என்று பட்டப்பெயர். சேர்ந்த புதிதில் ஹலோ சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச வேண்டியதையெல்லாம் எழுதிய ஸ்கிரிப்ட் தாள்தான் காப்பாற்றியது. விலை, வாரண்டி, அடுத்த கேள்வி என்று ஒன்றுமே விட்டுப்போகாது. மூன்று மாதமாகியும் அவள் தாளை விடவில்லை. அங்கேதான் வந்தது வினை.

ஒருநாள் ஓர் அம்மா சலித்துக்கொண்டார்: "எங்க வீட்ல நாலு நாளா தண்ணியே வரலைம்மா!"

கிளி தாளைப் பார்த்துக் கணீரென்று படித்தாள்: "ரொம்ப சந்தோஷம் மேடம். இங்கே சிரிக்கவும்."

எதிர்முனையில் அந்த அம்மா சொன்னார்:

"சிரிச்சுட்டேன். அப்புறம்?"

கிளிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தாளைக் கவிழ்த்துவிட்டாள். "ஐயோ, மன்னிச்சிருங்கக்கா! தண்ணியில்லாம எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அரை மணி நேரம் பேசினார்கள். குழாயில் தண்ணீர் வந்த அன்றே, "அந்தச் சிரிக்கிற பொண்ணைக் கூப்பிடுங்க" என்று போன் செய்து மெஷின் வாங்கினார் அந்த அம்மா.

பெருமை தாங்காத கிளி, தாளில் அந்த வரியை அடித்து, "இங்கே காது கொடுக்கவும்" என்று எழுதிவைத்தாள்.

மறுநாள் புதிதாகச் சேர்ந்தவள் அதே தாளைப் பார்த்து முதல் போனிலேயே படித்தாள்: "வணக்கம் சார். இங்கே காது கொடுக்கவும்."