பழுப்புக்கு வந்த பதில்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். ஒருநாள் ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த பழுப்புத் தோல், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த மாதிரித் துண்டைவிட வெளிறியிருந்தது. கட்டிங் பிரிவு வேலையை நிறுத்தியது. "நிறம் பொருந்தவில்லை" என்று மெயில் போட்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் நிறம் பார்க்கும் பெண் உடனே பதில் போட்டாள். "ஒப்புதலான மாதிரிப்படியே அனுப்பியிருக்கிறோம்." தன் மேலாளரையும் சேர்த்திருந்தாள். விடுவேனா? என் மேலாளரைச் சேர்த்தேன். அவள் போட்டோ அனுப்பினாள், நானும் அனுப்பினேன். அவள் போட்டோவில் தோல் சாக்லேட் மாதிரி, என்னுடையதில் டீ மாதிரி. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்து நிறத்தைத் தீர்மானிக்கப் பார்த்த இரண்டு புத்திசாலிகள் நாங்கள்.

மதியத்துக்குள் ஸ்டோர், கணக்குப் பிரிவு, முதலாளி வரை எல்லோரும் அந்த மெயில் தொடரில் இருந்தார்கள். முதலாளி "சீக்கிரம் முடியுங்கள்" என்று மட்டும் எழுதினார். கணக்குப் பிரிவுக்காரர் "தயவுசெய்து என்னை இதிலிருந்து நீக்குங்கள்" என்று எல்லோருக்கும் பதில் போட்டார். "என்னையும்" என்று இன்னும் இருவர், அதையும் எல்லோருக்கும்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பதில் தயாரித்தேன். மரியாதையான சொற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி. அனுப்பும் முன் ஒருமுறை படித்தேன். ரசித்தேன். இதற்கு அவள் இன்னும் கூரான ஒன்றை அனுப்புவாள் என்பதும் அப்போதே தெரிந்தது. கட்டிங் மேஜைகள் மட்டும் அப்படியே கிடக்கும். அழித்துவிட்டு, அவள் மெயிலின் அடியில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன்.

"மேடம், ஆம்பூர்ல இருந்து பேசறேன்."

"சொல்லுங்க."

"உங்க கையில இருக்கிற மாதிரித் துண்டுக்குப் பின்னாடி இன்னா எழுதியிருக்கு?"

காகிதம் சரசரத்தது. "கோடை சீசன்னு இருக்கு. கையெழுத்தும் இருக்கே."

"என்கிட்ட இருக்கிறதுல குளிர்கால சீசன்னு இருக்கு. அதுலயும் கையெழுத்து இருக்கு. கலர் பேரும் அதே பேரு."

"அட! புதுத் துண்டு எங்களுக்கு வரவே இல்லங்க!"

வாடிக்கையாளர் புது மாதிரியை எங்களுக்கு மட்டும் அனுப்பியிருந்தார். இரண்டு பேர் சொன்னதும் சரி, பேசியதுதான் வேறு வேறு மாதிரித் துண்டைப் பற்றி.

"வெளிறினதுதானே, ஸ்ப்ரே அடிச்சு டார்க் பண்ணிடலாம்" என்றாள். "உங்க துண்ட அனுப்புங்க. முதல்ல ஒரு தோல் அடிச்சுக் காட்டறேன், நீங்க சரின்னா மிச்சத்தயும் திருப்பி எடுத்து அடிச்சுத் தர்றோம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேடம், ஒண்ணு சொல்லட்டா? உங்களுக்கு ஒரு மெயில் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். செம காரம்."

"நானும்தான். படிச்சுக் காட்டட்டா?"

ஆளுக்கொரு வரி சொல்லிக் காட்டினோம். அவளுடையதுதான் காரம் ஜாஸ்தி.

போனில் பேசி முடித்ததைச் சுருக்கமாக எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்: காரணம் இது, துண்டு இன்று போகிறது, மாதிரி பார்த்த பிறகு மிச்சம், இந்த மெயிலுக்குப் பதில் தேவையில்லை.

உடனே பதினோரு பேர் "சரி" என்று பதில் போட்டார்கள். எல்லோருக்கும்.